பட்டறைச் சுவரில் கருவிகளுக்கு ‘நிழல் பலகை’ அமைப்பது எப்படி?

“கல்வராயன்மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்துக் கிராமம். மரவள்ளி, சாமை, கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நெல் என்று விவசாயம் செய்கிறோம். பவர் வீடர், பேட்டரி ஸ்பிரேயர், மோட்டார் எல்லாம் இருக்கின்றன. சின்னச் சின்ன ரிப்பேரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ஆனால், வேலையைவிட ஸ்பேனர் தேடுகிற நேரம்தான் அதிகம். கிடைக்காவிட்டால் கச்சிராயபாளையம் இறங்கிப் புதிதாக வாங்கி வருகிறோம். பிறகு பழையது வைக்கோல் போரில் கிடைக்கிறது. கம்பெனிகளில் பலகையில் கருவியின் உருவத்தை வரைந்து, அதன்மேல் மாட்டுவார்கள் என்று கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகன் சொல்கிறான். விவசாயி வீட்டுக்கு அது சரிப்படுமா? எப்படிச் செய்வது?”

- ஒரு வாசகர், கல்வராயன்மலை.

சரிப்படும் ஐயா. கம்பெனியைவிட விவசாயி வீட்டுக்குத்தான் அது அதிகம் தேவை என்பேன். கம்பெனியில் கருவி நான்கு சுவருக்குள் இருக்கும். நம் கருவி வயல், கிணறு, மாட்டுக் கொட்டகை, பக்கத்து வீடு என்று ஊர் சுற்றும்.

இதை ‘நிழல் பலகை’ என்பார்கள். கருவி மாட்டியிருக்கும்போது அதன் நிழல் விழுந்த மாதிரி, பின்னால் அதே உருவத்தைப் பெயிண்டால் நிரப்பி வைப்பது. கருவி இருந்தால் நிழல் மறைந்துவிடும், இல்லாவிட்டால் கண்ணில் அடிக்கும். இதைப் பார்ப்பதற்கு அழகான ஏற்பாடு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. இருக்கிற கருவியைக் காட்டுவதற்குப் பலகை வேண்டியதில்லை. எந்தக் கருவி இன்னும் வீடு திரும்பவில்லை என்பதை அன்று சாயங்காலமே காட்டுவதுதான் இதன் வேலை.

விமானம் பராமரிக்கும் இடங்களில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். வேலை முடிந்ததும் எல்லாக் குழிகளும், எல்லா நிழல்களும் நிரம்பியிருக்க வேண்டும். ஒரு திருப்புளி குறைந்தாலும், அதைக் கண்டுபிடிக்காமல் விமானத்தைக் கிளப்ப விடமாட்டார்கள். இன்ஜினுக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நமக்கும் அதே மாதிரி ஆபத்து உண்டு. தீவனப் புல் அறுத்த கதிர் அரிவாள் கட்டுக்குள் சிக்கி, தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்குப் போனால், கத்தி உடைந்து தெறிக்கும். எதிரில் நிற்பவர் கதி அவ்வளவுதான். சாயங்காலம் அரிவாளின் நிழல் காலியாக இருப்பதைப் பார்த்தால், மறுநாள் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் கட்டைப் பிரித்துப் பார்க்கலாம்.

வீட்டளவிலும் இது புதிதல்ல. அமெரிக்காவில் புகழ்பெற்ற சமையல் நூலாசிரியர் ஜூலியா சைல்டின் வீட்டுச் சமையலறையில், அவருடைய கணவர் பால் சைல்ட் துளைப் பலகையைச் சுவரில் அடித்து, ஒவ்வொரு வாணலிக்கும் உருவம் வரைந்து வைத்திருந்தார். யார் பாத்திரம் கழுவினாலும் சரியான இடத்தில் மாட்டிவிடலாம். 2001-ல் அந்தச் சமையலறையை அப்படியே வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த இடத்தை எல்லோருக்கும் தெரிகிற இடமாக மாற்றியதுதான் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. நம் வீட்டில் “ஸ்பேனர் எங்கே?” என்று அப்பாவைத்தானே கேட்கிறோம். அவர் சந்தைக்குப் போயிருந்தால் வேலை நின்றுவிடுகிறது.

முதலில் கணக்கு, பிறகுதான் பலகை

பலகை வாங்குவதற்கு முன்னால், இருக்கிற சாமான்களைக் கணக்கெடுங்கள். இதைத் தாண்டிவிட்டு நேராக ஆணி அடிக்க ஆரம்பித்தவர்களின் பலகை ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை.

மலையடிவாரத்தில் நான்கு ஏக்கர் கரும்பு, ஒரு ஏக்கர் மரவள்ளி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் இதைச் செய்தபோது உடனிருந்தேன். அங்கே நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். வாசலில் ஒரு தார்ப்பாயை விரித்தோம். வீட்டில், கொட்டகையில், மோட்டார் ரூமில், பைக் சீட்டுக்கு அடியில் இருந்த எல்லாவற்றையும் அதில் கொண்டுவந்து கொட்டச் சொன்னேன். பாட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து ஒரு கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார். மொத்தம் 71 உருப்படி. அதில் ஸ்பேனர் மட்டும் 19.

அந்த 19-ஐ அளவு வாரியாக அடுக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. 12-13 ஸ்பேனர் நான்கு இருந்தன. 10-11 ஒன்றுகூட இல்லை. அவர்களுடைய பவர் வீடரில் காற்று வடிகட்டி மூடி, கார்புரேட்டர் பக்கம் என்று சின்ன போல்ட்டுகள் எல்லாம் 6 எம்.எம். போல்ட்டுகள். அவற்றின் தலை அளவு 10 எம்.எம். இத்தனை நாளும் அவற்றைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகியிருக்கிறார்கள். ஆறு பட்டையாக இருக்க வேண்டிய தலை, உருண்டு போயிருந்தது. ஸ்பேனர் தொலைவதாக நினைத்து ஒவ்வொரு முறையும் கடையில் “ஒரு ஸ்பேனர் கொடுங்க” என்று கேட்டு வாங்கியதில், 12-13 மட்டும் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. கணக்கு எழுதாதவரை இது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு வரி. வரிசை எண், பெயர், அளவு, எந்த வேலைக்கு, நிலைமை. ‘நிலைமை’ என்ற கட்டத்தில் ‘பிடி ஆடுகிறது’, ‘பல் தேய்ந்தது’, ‘சாணை பிடிக்க வேண்டும்’ என்று பட்டதை எழுதுங்கள். விலையை எழுத வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். பழைய சாமானுக்கு விலை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? இனி வாங்குவதற்கு எழுதினால் போதும்.

எழுதி முடித்ததும் தார்ப்பாயிலேயே மூன்று குவியலாகப் பிரித்துவிடுங்கள். வாரம் ஒருமுறையாவது கையில் எடுப்பது முதல் குவியல். நாற்று நடவு, கரணை வெட்டு, அறுவடை என்று பருவத்துக்கு மட்டும் வெளியே வருவது இரண்டாவது. உடைந்தது, ஒன்றுக்கு மேல் இருப்பது, எதற்கென்றே தெரியாதது மூன்றாவது. பலகைக்குப் போக வேண்டியது முதல் குவியல் மட்டும்தான். அந்த வீட்டில் 71-ல் 26 மட்டுமே பலகைக்குப் போயின. பருவத்துச் சாமான்கள் ஒரு தகரப் பெட்டியில், பட்டியல் ஒட்டி வைக்கப்பட்டன. மூன்று உபரி ஸ்பேனர்களில் ஒன்று மோட்டார் ரூமுக்கும், மற்றவை மகளின் வீட்டுக்கும் போயின.

எங்கே மாட்டுவது?

பலகை எவ்வளவு நன்றாக இருந்தாலும், இடம் தவறினால் கருவி திரும்பாது. வயலில் இருந்து வரும் ஆள் முதலில் எங்கே போகிறார் என்று நான்கு நாள் கவனியுங்கள். பெரும்பாலும் கை கால் கழுவும் தொட்டிக்குத்தான் போவார். பலகை அந்தத் தொட்டிக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில், கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். மண்வெட்டியைக் கழுவினோம், துடைத்தோம், மாட்டினோம், வீட்டுக்குள் போனோம் என்று அது வழியிலேயே முடிந்துவிட வேண்டும். பலகைக்காகப் பத்து அடி எதிர்த்திசையில் நடக்க வேண்டியிருந்தால், களைத்து வருகிறவர் கருவியைத் திண்ணையில்தான் போடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மலையில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழையிலும் மூடுபனியிலும் மண் சுவர், செங்கல் சுவர் இரண்டுமே ஈரம் வாங்கும். பலகையைச் சுவரோடு ஒட்டி அடித்தால், பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும், கரையான் ஏறும், கருவியும் துருப்பிடிக்கும். சுவரில் முதலில் இரண்டு ரீப்பர் சட்டங்களைக் குறுக்காக அடித்து, அவற்றின்மேல் பலகையைத் திருகாணியால் பூட்டுங்கள். பின்னால் ஓர் அங்குலம் காற்று போகும். பலகையின் அடி விளிம்பு தரையில் படவே கூடாது. இரண்டடி உயரமாவது இருக்கட்டும்.

பலகைக்கு 12 எம்.எம். பிளைவுட் நல்லது. கடையில் 8 அடிக்கு 4 அடி தாள் கிடைக்கும். பாதியாக அறுத்தால் 4 அடிக்கு 4 அடி. 26 கருவிக்கு அது தாராளம். பணம் செலவழிக்க வேண்டாம் என்றால் பழைய கதவு ஒன்றே போதும். அந்தக் குடும்பத்தார் இடித்த வீட்டின் கதவைத்தான் பயன்படுத்தினார்கள். அதன் மரம் ஆணியை நன்றாகப் பிடித்துக்கொண்டது. 6 எம்.எம். பிளைவுட் வாங்காதீர்கள். பைப் ரெஞ்சைத் தொங்கவிட்டால் ஒரு மாதத்தில் ஆணி பிடுங்கிக்கொள்ளும்.

பலகைக்கு முதலில் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் எனாமல் பெயிண்ட் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள்.

மாட்டிவிட்டுத்தான் வரைய வேண்டும்

பலர் செய்யும் வேலை இது. பலகையைத் தரையில் படுக்கவைத்து, கருவிகளை அடுக்கி, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, பிறகு சுவரில் மாட்டி ஆணி அடிப்பார்கள். கருவியைத் தொங்கவிட்டால் கோட்டுக்குள் நிற்காது. காரணம் எளிது. தரையில் படுத்திருக்கும்போது நாம் வைத்தபடி இருக்கும். தொங்கும்போது அதன் கனம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் கீழே இறங்கிச் சாயும். அரிவாளைப் பிடியில் உள்ள வளையத்தில் மாட்டிப் பாருங்கள், நேராக நிற்காமல் வளைவுப் பக்கம் திரும்பும்.

அதனால் தரையில் செய்ய வேண்டியது இடம் பங்கிடுவது மட்டும்தான். கனமானது கீழ்வரிசை, அடிக்கடி எடுப்பது நெஞ்சு உயரம், கூரானது மேலே. இரண்டு கருவிக்கு நடுவில் நான்கு விரல் உள்ளே போகும்படி இடைவெளி விடுங்கள். பக்கத்துக் கருவியைத் தட்டாமல் எடுக்க அது வேண்டும். பலகையில் கால்வாசி இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். அடுத்த வருடம் ஒன்றிரண்டு கருவி கட்டாயம் சேரும்.

இடம் முடிவானதும் பலகையைச் சுவரில் பூட்டி, ஆணியோ கொக்கியோ அடித்து, கருவியை மாட்டுங்கள். சுத்தியலுக்கு ஒரே ஆணி போதாது. அதன் தலையைத் தாங்க, பிடி நுழையும் அளவு இடைவெளியில் இரண்டு ஆணி அடிக்க வேண்டும். ரம்பத்துக்கும் ஆக்ஸா பிளேடு ஃபிரேமுக்கும் பிடிக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று. திருப்புளிகளுக்கு ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டு இறக்கிவிடலாம்.

இப்போது கருவி அசையாமல் நிற்கும் நிலையில், சாக்பீஸால் சுற்றி வரையுங்கள். உடனே பெயிண்டை எடுக்காதீர்கள். சாக்பீஸ் கோட்டோடு பதினைந்து நாள் புழங்குங்கள். ‘இது கைக்கு எட்டவில்லை’, ‘அதை எடுக்கும்போது இது விழுகிறது’ என்று வீட்டில் உள்ளவர்களே சொல்வார்கள். அழித்து மாற்றிக்கொள்ளலாம். அந்த வீட்டில் கொடுவாளை முதலில் நடுவரிசையில் மாட்டியிருந்தார்கள். நான்கு வயதுப் பேரன் முக்காலி போட்டு எட்டிப் பிடிக்கப் பார்த்ததும், மேல் வரிசைக்குப் போனது. அரிவாள், கொடுவாள், ரம்பம் மூன்றுக்கும் தரையில் இருந்து ஐந்தடிக்கு மேல்தான் இடம். வெட்டும் முனை சுவரைப் பார்த்தோ கீழே பார்த்தோ இருக்கட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் பழைய சைக்கிள் டியூப்பை நீளமாக அறுத்து, முனைக்கு உறை மாதிரி மாட்டிவிடுங்கள்.

பதினைந்து நாள் கழித்துப் பென்சிலால் வரைந்து, பெயிண்ட் அடியுங்கள். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்தால்தான் உருவம் சரியாக வரும். வெறும் கோடு மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கோடு மட்டும் இருந்தால், பத்தடி தூரத்தில் இருந்து பார்க்கையில் கருவி இருக்கிறதா இல்லையா என்று சட்டென்று தெரியாது. உள்ளே முழுக்க நிரப்பிவிட வேண்டும். வெள்ளைப் பலகையில் கறுப்பு அல்லது கருநீலம் எடுப்பாகத் தெரியும். வெட்டும் கருவிகளுக்கு மட்டும் சிவப்பு அடித்தால், சாயங்காலம் ஒரு பார்வையில் ‘அரிவாள் வரவில்லை’ என்று தெரிந்துவிடும். நிறத்தை இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கைந்து நிறம் போட்டால் எது எதற்கு என்று நமக்கே மறந்துவிடும்.

ஸ்பேனர் விஷயத்தில் உருவம் மட்டும் போதாது. 10-11-க்கும் 12-13-க்கும் நிழலில் வித்தியாசம் தெரியாது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துகொள்ளும். நிழலுக்குள்ளேயே வெள்ளைப் பெயிண்டால் அளவை எழுதுங்கள். கூடவே நோட்டில் உள்ள வரிசை எண்ணையும் எழுதினால், நோட்டும் பலகையும் ஒன்றுக்கொன்று சாட்சி. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டறைகளுக்குள் போய்ப் பாருங்கள். பிடி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் உளிகளை, வெட்டும் முனை கண்ணுக்குத் தெரியும்படி வரிசையாக வைத்திருப்பார்கள். முனைதான் அங்கே பெயர். நமக்கு ஸ்பேனரில் எண்தான் பெயர்.

பலகையில் ஏறக் கூடாதவை

கடப்பாரையையும் நீளப்பிடி மண்வெட்டியையும் பலகையில் தொங்கவிட வேண்டாம். விழுந்தால் கால் போகும். பலகைக்குப் பக்கத்து மூலையில் நிறுத்தி, முன்னால் ஒரு குறுக்குச் சட்டம் அடித்து, சுவரில் அவற்றுக்கான கோட்டை வரைந்துவிடுங்கள். பண்ணைக் கருவிகள் தொகுப்பாக வாங்கிய இரும்புச் சட்டியும் களைக்கொத்தும் அங்கேயே நிற்கட்டும்.

பூச்சிமருந்து பாட்டில், மருந்து அளக்கும் குவளை, கையுறை, முகமூடி ஆகியவை இந்தப் பலகைக்கு வரவே கூடாது. அவை தனியாகப் பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும். பலகை என்பது வீட்டில் எல்லோரும் கை வைக்கிற இடம். ஸ்பிரேயர் நாசிலைக் கழற்றும் ஸ்பேனரைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் மாட்ட வேண்டும்.

கரும்பு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, விதைக்கரணை வெட்டும் கத்தி. மறுதாம்புக் குட்டை நோய், நோயுள்ள கரும்பை வெட்டிய கத்தி வழியாகவே அடுத்த கரும்புக்குப் போகும். இந்தக் கத்திக்குத் தனி நிழல் போட்டு, ‘கரணை மட்டும்’ என்று எழுதிவிடுங்கள். விறகு வெட்டவோ இளநீர் சீவவோ அதை எடுக்கக் கூடாது. ஒரு வயலின் கரணையை முடித்து அடுத்த வயலின் கரணைக்குப் போகும்போது, கொதிநீரிலோ கிருமிநாசினிக் கரைசலிலோ முக்கி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

போல்ட், வாஷர், ஆணி மாதிரிச் சில்லறைக்கு நிழல் வரைவது வீண் வேலை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில் அளவு வாரியாகப் போட்டு, கீழே ஒரு தட்டில் அடுக்கிவிடலாம்.

இரண்டு மாதம் கழித்துப் பலகை சொல்வதைக் கேளுங்கள்

மாதம் ஒருமுறை, அமாவாசை அன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன், நோட்டை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பலகையைப் பார்த்து ‘இருக்கு’, ‘இல்லை’ சொன்னால் கணக்கு முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகாது.

இரண்டு மாதம் கழித்து இரண்டு விஷயங்கள் தெரியவரும். சில நிழல்கள் காலியாவதே இல்லை. அந்தக் கருவியின்மேல் தூசி படிந்திருக்கும். அது உங்களுக்கு வாராவாரம் தேவைப்படும் கருவி அல்ல, பெட்டிக்கு அனுப்பிவிடலாம். இன்னும் சில நிழல்கள் எப்போதுமே காலியாக இருக்கும். கருவி தொலையவில்லை, வேறு எங்கேயோ குடியிருக்கிறது. அந்தக் கரும்பு விவசாயி வீட்டில் டெஸ்டரும் ஒரு கட்டிங் பிளேயரும் எத்தனை முறை சொன்னாலும் பலகைக்கு வரவில்லை. எங்கே இருக்கின்றன என்று பார்த்தால், மோட்டார் ரூமில். கரண்ட் வந்து மோட்டார் ஓடாவிட்டால் முதலில் தேடுவது அவற்றைத்தான். ஆளைத் திட்டுவதை விட்டுவிட்டு, நிழலை இடம் மாற்றச் சொன்னேன். மோட்டார் ரூம் கதவின் உட்புறத்தில் ஓரடிப் பலகை, அதில் டெஸ்டர், பிளேயர், உபரியாக இருந்த 12-13 ஸ்பேனர். அன்றிலிருந்து இரண்டு பலகையும் நிரம்பியிருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அங்கே டெஸ்டர் தொங்குகிறது என்பதற்காக ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து கை வைக்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பலகை கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பழைய சுத்தியல் உடைந்து, வேறு உருவத்தில் புதியது வாங்கியிருப்பார்கள். நிழல் பழையதாகவே இருக்கும். புதியது பொருந்தாததால் பக்கத்தில் எங்கேயாவது மாட்டுவார்கள். அப்புறம் அடுத்ததும் இடம் மாறும். ஆறு மாதத்தில் நிழல் ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம். புதிய கருவி வந்த அன்றே பழைய நிழலை வெள்ளை அடித்து, புதிதாக வரைந்து, நோட்டிலும் மாற்றிவிட வேண்டும். இதற்காகவே மீதி பெயிண்ட் டப்பாவையும் ஒரு சின்னப் பிரஷையும் பலகைக்குக் கீழே வைத்திருங்கள்.

“பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது. வாங்கிப் போனவர் மறந்துவிடுகிறார், கேட்கவும் சங்கடமாக இருக்கிறது. இதற்குப் பலகையில் வழி உண்டா?”

- ஒரு வாசகி, சின்னசேலம்.

உண்டு அம்மா. தொழிற்சாலைகளில் தொழிலாளி கருவியை எடுக்கும்போது, தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அதே கொக்கியில் மாட்டிவிட்டுப் போவது பழைய வழக்கம். வில்லை தொங்கும்வரை கருவி அவர் பொறுப்பு. நீங்கள் தகரத்திலோ பிளாஸ்டிக் மூடியிலோ பத்து வில்லை வெட்டித் துளையிட்டு வையுங்கள். வீட்டு ஆட்களுக்கு ஆளுக்கு இரண்டு, பெயரின் முதல் எழுத்தோடு. மீதி வெறுமையாக இருக்கட்டும். கடன் வாங்க வருகிறவரிடமே மார்க்கர் பேனாவைக் கொடுத்து, “உங்க பேரை எழுதி அந்தக் கொக்கியில மாட்டிட்டு எடுத்துக்கோங்கண்ணா” என்று சொல்லுங்கள். அவர் கையாலேயே மாட்டுவதுதான் முக்கியம். பிறகு நீங்கள் போய்க் கேட்க வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் வாசலைத் தாண்டும்போது தன் பெயர் தொங்குவதை அவரே பார்ப்பார். மறவாமல் திருப்பித் தரும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மனக்குறையாகவும் இருக்காது, வீட்டு ஆட்களும் அப்படித்தானே மாட்டுகிறார்கள்.

அரிவாள், கொடுவாள், மோட்டார் வேலைக்கான கருவிகளைக் கடன் கொடுக்காமல் இருப்பது நல்லது. இரவலுக்கென்றே பழைய மண்வெட்டி ஒன்றைத் தனியாக வைத்திருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு கெட்டிக்காரத்தனம்தான்.

“பலகையில் மாட்டிய கருவிகள் மழைக்காலத்தில் துருப்பிடிக்கின்றன. கழிவு ஆயில் தடவலாமா?”

- ஒரு வாசகர், சங்கராபுரம்.

ஸ்பேனர், பைப் ரெஞ்ச், கடப்பாரைக்குத் தடவலாம். துணியில் நனைத்து, மெல்லிய பூச்சாகத் தடவி, வழிவதைத் துடைத்துவிடுங்கள். வழிய விட்டால் நிழல் முழுக்க எண்ணெய்க் கறையாகி, மண்ணும் தூசியும் ஒட்டும், கை வழுக்கும். மரப்பிடியில் ஆயில் படக் கூடாது. கதிர் அரிவாள், கரணைக் கத்தி, தீவனம் அறுக்கும் அரிவாள் ஆகியவை பயிரிலும் மாட்டுத் தீவனத்திலும் படுவதால், அவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். எண்ணெய்க்கு முன்னால் ஈரம் போக வேண்டும். கழுவிய கருவியை அப்படியே மாட்டாமல், பலகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய துண்டைத் தொங்கவிட்டு, துடைத்து மாட்டுங்கள். அந்தத் துண்டுக்கும் ஓர் ஆணி அடித்து, இடம் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அதைத் தேட வேண்டியிருக்கும்.